மின்னல் அம்பை மூடிய சிவப்பு ஒட்டுநாடா

அந்தக் கலியாண வீடியோவில் ஓர் இடம் வரும். மணமகளின் தகப்பன் தேவாலய வாசலில் நின்று, கமெராவை நேரே பார்த்து ஏதோ சொல்லுவார். ஓரிரண்டு வசனம்தான் இருக்கும். சொல்லி முடித்ததும் வெட்கப்பட்டவர்போலச் சிரித்து, புதுச் சேர்ட்டின் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்து போவார். அவருடைய வாய் அசைவது தெரியும். கேட்பது சினிமாப் பாட்டு.

எங்கள் பக்கத்துக் கலியாண வீடியோக்கள் எல்லாமே அப்படித்தான். கோயிலோ தேவாலயமோ, தாலி கட்டினாலும் கேக் வெட்டினாலும் மேலே பாட்டு ஓடும். மனிதர் பேசுகிற சத்தத்தை முழுதாக எடுத்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவோம். ஆட்களும் அதைத்தான் கேட்பார்கள். கிளிநொச்சியில் அந்த ஸ்ரூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை அண்ணை எனக்குச் சொல்லித்தந்ததே அதுதான்: சனங்கள் கதைக்கிறதைக் கேட்க வீடியோ எடுக்கிறதில்லை, பாட்டுக்கு நடக்கிறதைப் பார்க்கத்தான் எடுக்கிறது. அண்ணை என்று நான் சொல்வது ஸ்ரூடியோ முதலாளியை.

அந்தத் தகப்பன் ஒரு விடியற்காலை முள்ளிவாய்க்கால் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். பிறகு எழும்பவில்லை. அடக்கம் முடிந்து சில நாளில் மகள், அதுதான் அந்த வீடியோவின் மணமகள், கணவனோடு மோட்டார் சைக்கிளில் ஸ்ரூடியோவுக்கு வந்தார். கறுப்பு உடுப்பு. கணவன் ஹெல்மெற்றைக் கையில் வைத்துக்கொண்டு கதவோடேயே நின்றார். அந்த அக்கா கதிரையில் இருந்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பாட்டை எடுத்துப்போட்டு அப்பான்ர குரலை மட்டும் தரேலுமோ? எங்களிட்டை வேற ஒண்டும் இல்லை. அவர் கடைசி மட்டும் பட்டன் போன்தான் வைச்சிருந்தவர்."

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் வீடுகளில் பழைய அல்பம் தேடுகிற வேலை இல்லை. இடம்பெயர்ந்து போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருட்களில் அல்பம் இருக்கவில்லை. அந்த மனிதருடைய குரல் உலகத்தில் ஓரிடத்தில் மட்டும் இருந்தது. வெட்டாத, பாட்டுப் போடாத மூலப் பிரதியில். முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னம் வேண்டும், அன்றைக்குச் சொந்தக்காரர் எல்லாரும் வருவினம் என்றார்.

அந்தக் கலியாணத்தைப் படம் எடுத்தது அண்ணை. நான் அப்போது சேர்ந்திருக்கவில்லை. அப்பா அந்த வாசலில் என்ன சொன்னவர் என்று அந்த அக்கா அண்ணையிடமே கேட்டுப் பார்த்தார். அண்ணை கண்ணை மூடி யோசித்தார். ஒரு சீசனில் எத்தனை தகப்பன்மார். எல்லாரும் ஏதோ சொல்லுவார்கள். "ஞாபகம் வருகுதில்லை தங்கச்சி. ஆனா ஒறிஜினல் பத்திரமா பெட்டியிலை கிடக்கு. எடுத்துத் தரலாம்" என்றார்.

பெட்டி என்று நாங்கள் சொன்னது, உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கிற ஒரு சாம்பல் நிற உலோகக் கூடு. கனடாவிலிருந்து வந்த அண்ணையின் மருமகன் ஒரு பாவித்த மேக் லப்டொப்போடு அதையும் கொண்டுவந்து தந்து, பொருத்தி, வேலைசெய்ய வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். ஒரு கோப்பைத் துண்டு துண்டாக்கி ஒரு துண்டு இந்த டிஸ்க்கிலும் அடுத்த துண்டு மற்ற டிஸ்க்கிலும் மாறி மாறி எழுதும் வகை. வேகம். ஆனால் ஒன்று இல்லாமல் மற்றது குப்பை. அது தண்டர்போல்ட் பெட்டி. அந்தச் சொல் பெட்டியின் பின்பக்கம் எழுதியிருந்தது. நாங்கள் யாரும் அதை ஒரு பெயர் என்பதற்கு மேல் எடுக்கவில்லை.

அக்கா போனதும் பெட்டியை மேசைக்கு எடுத்தோம். கடையை ரோட்டின் மறுபக்கத்துக்கு மாற்றியபிறகு அது பல மாதமாகத் தட்டிலேயே கிடந்தது. கரண்டைக் கொடுத்தேன். காற்றாடி சுற்றியது, வெளிச்சம் எரிந்தது. மேசை லாச்சியை இழுத்து ஒரு கேபிளை எடுத்து லப்டொப்பில் செருகினேன். இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை. வேறு கேபிள். ஒன்றும் இல்லை. லாச்சியில் இருந்த எல்லாக் கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

"போட் போட்டுது" என்றார் அண்ணை. போட் என்றால் உள்ளே இருக்கிற சேர்க்கிற். எங்கள் ஊரில் மின்சாரம் வந்து போகிற போக்குக்கு எல்லாப் பொருளும் கடைசியில் போட் போய்த்தான் சாகும். ஆகையால் அது நியாயமான தீர்ப்பாகவே பட்டது.

எனக்குத்தான் மனம் விடவில்லை. டிப்ளோமா முடித்துவிட்டு விண்ணப்பங்களுக்குப் பதில் வராமல் இருந்த காலம் அது. எதையாவது பிடித்தால் அதன் அடிவரைக்கும் போகாவிட்டால் எனக்கு நித்திரை வராது. லப்டொப்பின் விபரப் பக்கத்தைத் திறந்தேன். அதில் யூ.எஸ்.பி-க்கு ஒரு வரிசை, தண்டர்போல்ட்டுக்கு வேறொரு வரிசை. இரண்டாவதில் எதுவும் பொருத்தப்படவில்லை என்று இருந்தது. பெட்டி பழுதாகிவிட்டது என்று அது சொல்லவில்லை. பெட்டி இருக்கிறதென்றே அதற்குத் தெரியவில்லை. செத்தவனுக்கும் இன்னும் கூப்பிடப்படாதவனுக்கும் வித்தியாசம் இருக்கிறதே என்று நினைத்தேன். போனில் தேடித் தேடி வாசித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். முனை ஒரே முனை. அந்த நீள்வட்ட வாய் யூ.எஸ்.பி-சி. அதற்குள்ளே ஓடுகிற கேபிள் பல சாதி. போனுக்குச் சார்ஜ் ஏற்ற வருகிற கேபிளுக்குள் கரண்டுக்கும் மெதுவான தரவுக்குமாக ஒரு சில கம்பிதான். அது நீளமாகவும் இருக்கலாம், மெல்லிசாகவும் இருக்கலாம். தண்டர்போல்ட் கேபிளுக்குள் முழு வேகத் தடங்களும் இருக்க வேண்டும். எங்கள் பெட்டி மாதிரிப் பழைய வகை, தண்டர்போல்ட் பாஷை மட்டுமே பேசும். சார்ஜ் கேபிளைக் கொடுத்தால் வாயே திறக்காது. எப்படிப் பிரித்தறிவது? முனையின் பிடியில் ஒரு மின்னல் அம்பு போட்டிருக்கும், பக்கத்தில் 3 அல்லது 4 என்ற இலக்கம். சாதாரண யூ.எஸ்.பி-சி முனையில் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் நல்லதென்றால் வேகத்தைக் காட்டும் 10, 20 என்ற இலக்கம் இருக்கும். மின்னல் இருக்காது.

வாசித்துவிட்டு லாச்சியைப் பார்த்தேன். எல்லா முனையிலும் சிவப்பு ரேப், கரண்ட் வயருக்குச் சுற்றுகிற ஒட்டுநாடா.

அது எங்கள் தொழிலின் பழக்கம். கலியாண வீட்டில் வீடியோக்காரரும் சவுண்ட்காரரும் லைற்காரரும் ஒரே மூலையில் சாமான் குவிப்பார்கள். கேபிள் எல்லாம் கறுப்பு. விடியப் பிரிக்கும்போது யாருடையது யாருடையதென்று சண்டை வரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம்: எங்களுக்குச் சிவப்பு, சவுண்ட்காரருக்குப் பச்சை. முனையின் பிடியிலேயே இறுக்கிச் சுற்றினால்தான் தூரத்திலிருந்து தெரியும். கம்பியில் சுற்றினால் வழுக்கி இறங்கிவிடும். கேபிள் தொலையக்கூடாதென்று, அது என்ன கேபிள் என்று எழுதியிருந்த இடத்தையே நாங்கள் மூடி வைத்திருந்தோம்.

ஒரு பிளேட்டை எடுத்துக்கொண்டு எல்லா ரேப்பையும் கீறிக் கழற்றத் தொடங்கினேன். அண்ணை தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்தார். "விஞ்ஞானி, எல்லாத்தையும் அம்மணமாக்கிறாய். நாளைக்குச் சவுண்ட்காரன் தன்ரை எண்டு கொண்டுபோவான்."

ஒன்றில்கூட மின்னல் இல்லை. எல்லாம் போன்களோடும் கமெராக்களோடும் வந்தவை. கோப்புகளைக் கொப்பி பண்ணி வைக்கிற எங்கள் சின்ன எஸ்.எஸ்.டி டிஸ்க்கின் கேபிளுக்கோ ஒரு முனை பழைய தட்டை வாய். அதை வாய் மாற்றித் தருகிற ஹப் ஒன்றின் வழியாகத்தான் லப்டொப்பில் போடுவோம். அதுவும் உதவாது.

அப்படியென்றால் மருமகன் பெட்டியோடு தந்த கேபிள் எங்கே? அண்ணையிடம் கேட்டேன். தடிப்பாய் ஒன்று இருந்திருக்க வேண்டுமே என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "நீ அந்த நொண்டியைச் சொல்லுறாய்."

நொண்டி என்பது அவர் வைத்த பெயர். பெட்டி சத்தம் போடும் என்பதற்காக அதை மேசைக்குக் கீழே தள்ளி வைப்பதற்கு மருமகன் இரண்டு மீற்றர் கேபிள் கொடுத்திருக்கிறான். கடை மாறி, பெட்டி தட்டுக்கு ஏறிய பிறகு, அந்த நீளக் கேபிள் சும்மா கிடந்தது. ஹப்பின் தொல்லை வேண்டாமென்று அண்ணை அதை எஸ்.எஸ்.டி-க்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். நிமிடங்களில் முடிகிற கொப்பி அரை நாள் இழுத்திருக்கிறது. இது பழுது, நொண்டி என்று முடிவெடுத்து, போன் சார்ஜுக்கு ஆகும் என்று சவுண்ட்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

நான் வாசித்ததெல்லாம் அந்த இடத்தில் ஒன்றாய்ப் பொருந்தியது. தண்டர்போல்ட் மூன்றின் முழு வேகத்தைச் சும்மா கம்பி அரை மீற்றர் அளவுக்குத்தான் சுமக்கும். அதைவிட நீண்டால் வேகம் பாதியாகும். இரண்டு மீற்றரிலும் முழு வேகம் வேண்டுமென்றால், இரண்டு முனைப் பிடிக்குள்ளும் சிக்னலைத் தூக்கிவிடுகிற மின்னணுச் சில்லு வைத்துச் செய்ய வேண்டும். உயிருள்ள கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தலைமுறைச் சில்லு தண்டர்போல்ட்டை மட்டும்தான் தூக்கும். யூ.எஸ்.பி எஸ்.எஸ்.டி-யை அதில் போட்டால் பழைய காலத்து யூ.எஸ்.பி இரண்டின் வேகத்துக்கு விழுந்துவிடும். நாலாவது தலைமுறையில்தான் அதைச் சரிசெய்தார்கள். ஆக, அது நொண்டவில்லை. எங்கள் கடையில் இருந்ததிலேயே உயர்ந்த கேபிள் அதுதான். தன் வேலையல்லாத வேலையில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் நான் ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணை பாதியில் தேத்தண்ணியைக் குடிப்பதை நிறுத்தினார். "அப்ப பெட்டி சாகேல்லை எண்டுறியோ?"

"கேபிள் வாறவரைக்கும் பெட்டியைத் திறக்காதேங்கோ அண்ணை. டிஸ்க்கைக் கழட்டவே வேண்டாம்."

ஓம் என்றார்.

பரந்தனால் திரும்பி முல்லைத்தீவு ரோட்டில் போனேன். சவுண்ட்காரரின் வீடு உடையார்கட்டில். வெயில் கொளுத்தியது. வழி முழுக்க நான் அந்த அக்காவுக்கு என்ன சொல்லி போன் எடுப்பதென்று வசனம் கட்டிக்கொண்டு போனேன். சவுண்ட்காரர் முற்றத்தில் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் குப்புறப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். நொண்டி என்றதும் உடனே பிடிபட்டது. எழும்பிப்போய் ஒரு பக்கெற்றுக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு முனையை எடுத்து என் கையில் வைத்தார். அதில் ஒரு சாண் கேபிள்தான் தொங்கியது.

லைற் மாலை ஒன்றுக்குக் கரண்ட் கொடுக்க, நடுவில் அறுத்துச் சிவப்பையும் கறுப்பையும் எடுத்து ஒட்டலாம் என்று பார்த்திருக்கிறார். சார்ஜ் கேபிள்களில் எப்போதும் செய்கிற வேலை. "உள்ளுக்கை தலைமயிர் மாதிரி வயர் தம்பி. ஒவ்வொண்டுக்கும் மேலை வெள்ளிச் சுத்து வேற. எது சிவப்பு எது கறுப்பு எண்டு ஆருக்குத் தெரியும்? விட்டிட்டன்."

மற்ற முனையைப் பற்றிக் கேட்டேன். எறிந்துவிட்டாராம். கையில் இருந்ததன் ரேப்பை நகத்தால் உரித்தேன். முதலில் சிவப்பு, அதற்கு மேல் அவர் சுற்றியிருந்த பச்சை. பச்சை கழன்று, சிவப்புக் கழன்று, பசை ஒட்டிய பிடியில் மின்னல் அம்பு. பக்கத்தில் 3. என்னவோ, அடக்கம் முடிந்தபிறகு ஒருவருடைய உண்மைப் பெயரைக் கேட்டறிந்ததுபோல் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரிய சாமானோ என்று கேட்டார். இல்லை என்றேன். அவரைச் சொல்லி என்ன. நாங்கள் சொன்ன பெயரை நம்பித்தானே அறுத்தார்.

திரும்பும்போது கிளிநொச்சியில் இருந்த கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பின்னல் உறை போட்ட இரண்டு மீற்றர் கேபிளைக் காட்டினார்கள். மட்டையில் பெரிதாய் 40 என்று அடித்திருந்தது. கேபிள் மெல்லிசு, சுருட்டினால் சணல்போலச் சுருண்டது, பிடியில் ஒரு குறியும் இல்லை. அந்த நீளத்தில் அந்த வேகம் என்றால் உள்ளே சில்லு இருக்க வேண்டும். இந்தப் பிடி சில்லு இருக்கிற பிடியாகத் தெரியவில்லை. வைத்துவிட்டு வந்தேன். கொழும்பில் ஒரு கடையில் சொல்லி, மின்னலும் 4-உம் போட்ட கட்டையான கேபிள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, முனையைப் பெரிதாக்கிப் பார்த்து ஓடர் போட்டேன். அது முக்கால் மீற்றர் சொச்சம்; அந்த நீளத்துக்குச் சில்லு தேவையில்லை. நாலு, மூன்றோடு ஒத்துப்போகும். கூரியர் வரச் சில நாள் ஆகும் என்றார்கள்.

அந்தச் சில நாளில் எனக்குக் கண்டாவளையில் ஒரு பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்கு வேலை வந்தது. முழு நாளும் அங்கே நின்றேன். பூசை நாள் நெருங்க நெருங்க அந்த அக்கா அண்ணைக்கு போன் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதட்டவில்லை, அழவுமில்லை. "ஏதும் சரிவந்ததோ?" என்று மட்டும் கேட்பாராம். அந்தக் கேள்வியை அண்ணையால் தாங்க முடியவில்லை. வவுனியாவில் கொம்பியூட்டர் திருத்துகிற ஒருவரோடு அவருக்கு நல்ல பழக்கம். பெட்டி இல்லாவிட்டாலும் டிஸ்க் நல்லதென்றால் ஏதாவது செய்யலாம்தானே என்று இரண்டு டிஸ்க்கையும் கழற்றி பஸ் ஏறிவிட்டார்.

வவுனியாக்காரரிடம் அவர் சொன்னது ஒரே வசனம். "டிஸ்க் ரெண்டும் நல்லதோ எண்டு பாருங்கோ." உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லவில்லை; அது சொல்லாமலே விளங்கும் என்று நினைத்திருப்பார். கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வருகிறேன் என்று வந்துவிட்டார்.

ஒற்றை ஒற்றையாகப் போட்டால் அந்த டிஸ்க்குகள் எந்தக் கணினிக்கும் விளங்காது. பாதிப் பாதி எழுத்து. வவுனியாக்காரரின் திரை, இது புதிய டிஸ்க், தயார்ப்படுத்தவா என்று கேட்டிருக்கிறது. அவர் ஓம் கொடுத்திருக்கிறார். பிறகு நல்லதோ என்று பார்க்கத்தானே சொன்னார்கள் என்று, விரைவுப் போர்மற் இல்லாமல் முழுப் போர்மற்றை ஓடவிட்டிருக்கிறார். அது டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் தொட்டுப் பார்த்துப் பழுதிருந்தால் சொல்லும். தொட்ட இடத்திலெல்லாம் இருந்ததை அழித்து வெறும் பூச்சியத்தை எழுதிக்கொண்டும் போகும். அதை அவர் யோசிக்கவில்லை. அடுத்த நாள் அண்ணையிடம் டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பழுதும் இல்லை, தங்கமான டிஸ்க் என்றிருக்கிறார்.

கூரியர் வந்த அன்று அண்ணை வாசலில் கதிரையைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்க் பெட்டிக்குள் திரும்பியிருந்தது. நடந்ததை அவர் எனக்கு இன்னும் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. டிஸ்க் ரெண்டும் நல்லதாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் கேபிளின் உறையைக் கிழித்து, பிடியில் இருந்த மின்னலை ஒருதரம் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் செருகினேன்.

உடனே வந்தது. தண்டர்போல்ட் வரிசையில் பெட்டியின் பெயர், மொடல், வேகம் எல்லாம் ஒழுங்காக வந்து நின்றன. ஒரு நாளும் சாகாத பெட்டி. நான் திரும்பி, "அண்ணை, வந்திட்டுது" என்றேன். அவர் எழும்பி வரவில்லை. திரையில் இன்னொரு சின்னப் பெட்டி எழும்பியது: இணைத்த டிஸ்க் வாசிக்கக்கூடியதாக இல்லை.

அப்போதுதான் அவர் வவுனியாக் கதையைச் சொன்னார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ சொன்னனி, கழட்டாதையெண்டு" என்று முடித்தார். மீட்கிற மென்பொருள் என்று இருந்த எல்லாவற்றையும் ஓடவிட்டேன். பூச்சியத்திலிருந்து எதை மீட்பது. காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பூசைக்கு முதல் நாள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை வரவில்லை, நான் வாங்கோ என்று கேட்கவும் இல்லை. முற்றத்தில் தறப்பாள் கட்டி, அடுத்த நாளுக்குக் கதிரை அடுக்கியிருந்தார்கள். வலை ஒன்று வேலியோடு சுருட்டிக் கிடந்தது. அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். கேபிள், டிஸ்க் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் மின்னல் குறி எது என்று மட்டும் கேட்டார். என் பையில் கிடந்த அறுந்த முனையை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னனோ" என்றார்.

என்னால் செய்யக்கூடியதைச் செய்துகொண்டு போயிருந்தேன். அவர்களிடம் இருந்த பாட்டுப் போட்ட பிரதியிலிருந்து அந்த இடத்தை வெட்டி எடுத்து, அண்ணை மெதுவாக ஓடவிட்டிருந்ததை இயல்பான வேகத்துக்குத் திருப்பி, பாட்டை அகற்றியிருந்தேன். அடியில் சத்தம் எதுவும் இல்லை. வாய் அசைவாவது தெளிவாய் இருக்கட்டும் என்று நினைத்தேன். தகப்பன் அதைச் சொன்ன நேரம் அக்கா வேறு பக்கம் படத்துக்கு நின்றிருக்கிறார், அம்மா தேவாலயத்துக்குள். அந்த வார்த்தையைக் கேட்ட ஆள் அண்ணை மட்டும்தான்.

அம்மாவையும் கூப்பிட்டு இருத்தினார்கள். ஓடவிட்டேன். அந்த மனிதர் கமெராவைப் பார்த்தார், பேசினார், சிரித்தார், கொலரை இழுத்தார். கடல் காற்றில் தறப்பாள் அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லுறார்" என்றார் அக்கா. "பிள்ளை எண்டு வாய் போகுது. பாருங்கோ அம்மா."

இன்னொருமுறை ஓடவிட்டேன். பிள்ளை என்பதாகவும் இருக்கலாம். வள்ளம் என்பதாகவும் இருக்கலாம். அக்கா திரையோடு முகத்தை வைத்துக்கொண்டு இன்னொருமுறை, இன்னொருமுறை என்றார். ஒவ்வொரு முறையும் வேறொரு வசனம் சொன்னார். அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பாட்டைத் திரும்பப் போடுங்கோ. வாய் மட்டும் அசையிறதைப் பார்க்கேலாமல் கிடக்கு."

பழைய பிரதியைத் திறந்து பாட்டோடு ஓடவிட்டேன்.